1 + 2 + 3 + ... என்பது −1/12 தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர் எண்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எதிர் எண் எப்படி வரும்? அதுவும் பின்னமாக?

வராது. இந்தச் சந்தேகம் முழுக்க நியாயமானது. யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முடிவில்லாத் தொடரின் கூட்டுத்தொகை என்பதற்குக் கல்லூரிப் பாடத்தில் தெளிவான வரையறை இருக்கிறது. முதல் உறுப்பு, முதல் இரண்டின் கூடுதல், முதல் மூன்றின் கூடுதல் என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். இந்தப் பகுதிக் கூடுதல்கள் ஏதாவது ஓர் எண்ணை நெருங்கி அங்கேயே நிலைத்தால், அந்த எண்தான் கூட்டுத்தொகை. 1/2 + 1/4 + 1/8 + ... என்ற தொடருக்கு 0.5, 0.75, 0.875 என்று வந்து 1ஐ நெருங்குகிறது. இயல் எண்களுக்கோ 1, 3, 6, 10, 15 என்று வருகிறது. நூறாவது இடத்தில் 5050, ஆயிரமாவது இடத்தில் 5,00,500. பொதுவாக N(N+1)/2. இது எங்கும் நிற்காமல் வளர்கிறது. ஆகவே இது விரியும் தொடர். வரையறைப்படி இதற்குக் கூட்டுத்தொகை கிடையாது.

ஆனால் −1/12 என்ற எண்ணை யாரும் கற்பனையில் உண்டாக்கவில்லை. இந்தத் தொடரோடு அதற்கு உண்மையான, அழகான உறவு இருக்கிறது. அந்த உறவைச் சமக்குறி போட்டு எழுதும்போதுதான் படிப்பவர் ஏமாந்துபோகிறார்.

வீடியோவில் நாலே வரியில் நிரூபித்துக் காட்டினார்களே, அதில் எந்த வரி தப்பு?

2014 ஜனவரியில் யூடியூபில் வந்து உலகம் முழுக்கப் பரவிய காணொளியைத்தான் பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள். அதன் சாரம் இதுதான்:

```
A = 1 − 1 + 1 − 1 + ...  = 1/2
B = 1 − 2 + 3 − 4 + ...  = 1/4
S = 1 + 2 + 3 + 4 + ...
S − B = 0 + 4 + 0 + 8 + ... = 4S
S − 1/4 = 4S,  ஆகவே  S = −1/12
```

முதல் இரண்டு வரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். மேலே சொன்ன வரையறைப்படி அவையும் கூட்டுத்தொகைகள் அல்லதான். ஆனால் A தொடரின் பகுதிக் கூடுதல்கள் 1, 0, 1, 0 என்று மாறி மாறி வருவதால் அவற்றின் சராசரி 1/2ஐ நெருங்குகிறது. B தொடருக்கு, x என்பது 0க்கும் 1க்கும் இடையில் இருக்கும்போது 1 − 2x + 3x² − ... = 1/(1+x)² என்பது முற்றிலும் சரி. x ஐ 1ஐ நோக்கிக் கொண்டுபோனால் 1/4 வருகிறது. இவற்றுக்கெல்லாம் நிலையான விதிகள் உண்டு. எந்த விதியைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிவிட்டால் போதும்.

தப்பு நடப்பது நான்காவது வரியில். அங்கே S ஒரு சாதாரண எண்போல நடத்தப்படுகிறது: அதிலிருந்து உறுப்புக்கு உறுப்பு கழிக்கிறார்கள், இடையில் உள்ள சுழியங்களை எடுத்துவிட்டு மிச்சத்தை "4S" என்கிறார்கள். இதெல்லாம் செய்யலாம் என்றால், நானும் கொஞ்சம் செய்து பார்க்கிறேன். அதே S இன் முன்னால் ஒரு சுழியத்தை வைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்கிறேன்:

```
S = 1 + 2 + 3 + 4 + ...
S = 0 + 1 + 2 + 3 + ...
கழித்தால்:          0 = 1 + 1 + 1 + 1 + ...
முன்னால் சுழியம்:    0 = 0 + 1 + 1 + 1 + ...
மறுபடி கழித்தால்:    0 = 1
```

தொடர்களைக் கழிப்பது, முன்னால் ஒரு சுழியம் சேர்ப்பது என்ற இரண்டே அனுமதிகளில் 0 = 1 வந்துவிட்டது. காணொளியிலும் B ஐக் கண்டுபிடிக்கத் தொடரை ஓரிடம் தள்ளித்தான் எழுதுகிறார்கள். அங்கே அது பாதகமில்லை, S இல் பாதகம். இந்த இரண்டு அனுமதிகளையும் மதிக்கிற எந்த முறையாலும் 1 + 2 + 3 + ... தொடருக்கு ஓர் எண்ணைத் தர முடியாது. −1/12 மட்டுமல்ல, எந்த எண்ணையும். அந்த எண்ணைத் தருகிற முறை எதுவாக இருந்தாலும், நமக்குப் பழகிய கூட்டலின் இயல்பு ஒன்றையாவது அது இழந்திருக்கும்.

சரி, அப்படியானால் அந்த −1/12 எங்கிருந்துதான் வருகிறது?

இதற்குக் கால்குலேட்டர் போதும். தொடரை ஓரிடத்தில் வெட்டாமல், போகப் போக மெதுவாகத் தணிக்க வேண்டும். n என்ற உறுப்பை e^(−εn) என்ற காரணியால் பெருக்குவோம். இங்கே ε ஒரு சிறிய நேர் எண்.

ε = 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உறுப்பு 1 என்பது 0.905 ஆகிறது, ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பத்தாவது உறுப்பு 3.68 ஆகிறது. ஐம்பதாவது உறுப்பு 0.34க்கு இறங்கிவிடுகிறது. நூறாவது உறுப்பு 0.0045தான். அதற்கப்பால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இப்போது தொடர் ஒழுங்காகக் குவிகிறது. உண்மையான கூட்டுத்தொகை இருக்கிறது. ε ஐக் குறைத்துக்கொண்டே போனால் தணிப்பு தளர்ந்து, பழைய தொடரை நெருங்குகிறோம். விடைகளைப் பாருங்கள்:

```
ε = 0.1      99.916708
ε = 0.01     9999.916667
ε = 0.001    999999.916667
```

கூட்டுத்தொகை பெருகிக்கொண்டே போகிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் அது 100, 10,000, 10,00,000 என்ற முழு எண்களுக்கு ஏறத்தாழ 0.08333... குறைவாகவே ஒவ்வொரு முறையும் நிற்கிறது. 0.08333... என்பது 1/12. சூத்திரமாக எழுதினால்:

```
Σ n e^(−εn) = 1/ε² − 1/12 + ε²/240 − ...
```

ε சுழியத்தை நெருங்கும்போது மூன்றாவது உறுப்பும் அதற்குப் பின்னால் வருபவையும் மறைகின்றன. முதல் உறுப்பு எல்லையின்றிப் பெருகுகிறது. நடுவில் அசையாமல் இருப்பது −1/12.

முழுச் செய்தி இந்தச் சமன்பாடுதான். "1 + 2 + 3 + ... = −1/12" என்று எழுதுகிறவர் 1/ε² என்ற மலையை அழித்துவிட்டு, அதன் அடிவாரத்தில் கிடந்த கூழாங்கல்லை மலை என்று காட்டுகிறார். விரியும் பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, மீதி நிற்கும் மாறிலியை எடுத்துக்கொள்வதற்குத்தான் ஒழுங்குபடுத்திய கூட்டல் என்று பெயர். அப்படிப் பிரித்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை.

பைத்தான் தெரிந்தவர்கள் தாங்களே பார்க்கலாம்:

```python
from math import exp
e = 0.01
s = sum(n * exp(-e * n) for n in range(1, 10000))
print(s - 1 / e**2)
```

−0.0833329 என்று தொடங்கும் எண் வரும். இதில் இரண்டு இடங்களில் சறுக்கலாம். 10000 என்பதை 500 ஆக்கினால், தணிந்து முடியும் முன்பே தொடரை வெட்டிவிடுகிறீர்கள், விடை கெட்டுப்போகும். 1/ε ஐப் போலப் பல பத்து மடங்கு தூரமாவது கூட்ட வேண்டும். இன்னொன்று, ε ஐ மிகமிகச் சிறியதாக, 0.00000001 என்று வைத்தால் 1/ε² என்பது 10^16 ஆகிவிடும். கணினி வழக்கமாக வைத்திருக்கும் பதினாறு இலக்கத் துல்லியத்தில் 1/12 காணாமல்போகும்.

தணிக்கும் காரணியை நாம்தானே தேர்ந்தெடுத்தோம்? வேறொன்றைப் போட்டால் வேறு விடை வராதா?

சரியான இடத்தில் கைவைக்கிறீர்கள். போட்டுப் பார்ப்போம். e^(−εn)க்குப் பதிலாக e^(−ε²n²) என்று வைத்தால், ε = 0.1க்கு 49.91658 வருகிறது. விரியும் பகுதி 100லிருந்து 50 ஆக மாறிவிட்டது, −1/12 மாறவில்லை. தணிப்பு வழவழப்பாக இருந்து, தொடக்கத்தில் 1லிருந்து புறப்பட்டு, தொலைவில் போதிய வேகத்தில் சுழியமானால், எதை வைத்தாலும் இதே கதைதான். விரியும் பகுதி தணிப்பைப் பொறுத்தது, மாறிலி பொறுத்ததல்ல.

ஏன் என்பதை ஒரு படம் வரைந்து பார்த்தால் புரியும். y = x e^(−εx) என்ற வளைகோட்டின்கீழ் உள்ள பரப்பு சரியாக 1/ε². நம் கூட்டல் அதே பரப்பைப் பட்டைகளாக வெட்டி அளக்கும் வேலை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு −1/12. ஆய்லரும் மெக்லாரினும் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ட வாய்பாடு, இந்த வேறுபாடு வளைகோட்டின் முனைகளிலிருந்து மட்டுமே வருகிறது என்று காட்டுகிறது. தொலைவு முனை மெல்ல அடங்கிவிட்டதால் அங்கிருந்து எதுவும் வராது. தொடக்க முனையில் சாய்வு 1. அதை −12 ஆல் வகுத்தது −1/12. எந்தத் தணிப்பும் தொடக்கச் சாய்வைத் தொடுவதில்லை என்பதால்தான் இந்த எண் நிலைத்து நிற்கிறது.

ஆக, இந்த எண் தொடரின் முடிவில்லாத கோடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தொடர் எப்படிப் புறப்பட்டது என்பதைச் சொல்கிறது. தொடக்கத்தை ஓரிடம் நகர்த்திப் பாருங்கள். 0 + 1 + 2 + 3 + ... என்று எழுதி, இடத்தைக் கொண்டு தணித்தால் (முதல் இடத்தில் 0, இரண்டாம் இடத்தில் 1 என்று) கிடைப்பது:

```
Σ (k−1) e^(−εk) = 1/ε² − 1/ε + 5/12 + ...
```

−1/12 போய் 5/12 வந்துவிட்டது. ஒரு சுழியத்தைச் சேர்த்ததும் மாறிப்போகும் ஒன்றைக் கூட்டுத்தொகை என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மாணவர்களை உடனே விழிக்கவைப்பது இந்த ஒரு கணக்குதான். காணொளியின் நிரூபணம் சரியான எண்ணில் போய் முடிந்ததற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. அவர்கள் S இல் செய்தது இடையிடையே சுழியங்களை நீக்கியது, அதாவது தொடரைச் சுருக்கியது. சுருக்குவதும் இழுப்பதும் விரியும் பகுதியை மாற்றினாலும் இந்த மாறிலியைத் தொடுவதில்லை. ஓரிடம் தள்ளியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

சட்டென்று வெட்டும்போது −1/12 ஏன் தெரிவதில்லை என்றும் கேட்பார்கள். நூறாவது உறுப்பைச் சேர்க்கும் முன் 4950, சேர்த்தபின் 5050. ஒவ்வொரு படியும் அவ்வளவு உயரம். அந்தக் குதிப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு கண்ணில் படாது.

இது நம் ராமானுஜன் கண்டுபிடித்ததுதானே? அவர் தப்பாகச் சொல்லியிருப்பாரா?

தப்பாகச் சொல்லவில்லை. நாம்தான் அவர் சொன்னதில் பாதியை விட்டுவிட்டோம்.

1913 பிப்ரவரி 27 அன்று சென்னையிலிருந்து இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் இந்தச் சமன்பாடு வருகிறது. அப்போது அவர் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர். இலண்டனில் இருந்த ஒரு பேராசிரியர், விரியும் தொடர்களின் குழிகளில் விழுந்துவிடாதீர்கள் என்று தமக்கு எழுதியதை அதில் குறிப்பிடுகிறார். தொடர்ந்து, "என் கோட்பாட்டின்படி" 1 + 2 + 3 + 4 + ... = −1/12 என்று அவருக்குச் சொன்னதாகவும், இதைக் கேட்டால் நீங்களும் எனக்குப் பைத்தியக்கார விடுதியைத்தான் காட்டுவீர்கள் என்றும் எழுதுகிறார். கேட்பவர் திகைப்பார் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் "என் கோட்பாட்டின்படி" என்ற சொற்கள் அங்கே இருக்கின்றன. இன்று பகிரப்படும் படங்களில் அவைதான் இல்லை.

அந்தக் கோட்பாடு அவருடைய நோட்டுப் புத்தகங்களில் இருக்கிறது. தொடரின் கூட்டுத்தொகை என்று அவர் அதைக் குறிக்கவில்லை. தொடரின் மாறிலி என்கிறார். ஒரு பொருளுக்குப் புவியீர்ப்பு மையம் எப்படியோ அப்படித் தொடருக்கு இது என்று ஒப்பிடுகிறார். மேலே சொன்ன ஆய்லர்-மெக்லாரின் வாய்பாட்டில் எஞ்சும் மாறிலியே அது. ஆய்லரும் அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதுபோன்ற தொடர்களைக் கையாண்டவர். ராமானுஜன் அந்த எண்ணுக்குத் தம் வழியில் தாமே வந்து சேர்ந்தார்.

ஆனால் ஜீட்டா சார்பில் ζ(−1) = −1/12 என்று பாடநூலிலேயே இருக்கிறதே?

அது உண்மை, அதில் ஐயமே இல்லை. ஆனால் ζ(−1) என்பது 1 + 2 + 3 + ... அல்ல.

எளிய உதாரணம்: 1 + x + x² + x³ + ... = 1/(1−x). இடப்பக்கத் தொடர் x, −1க்கும் 1க்கும் இடையில் இருந்தால்தான் குவியும். வலப்பக்கச் சூத்திரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை; x = 2 என்று போட்டால் −1 கிடைக்கும். அதற்காக 1 + 2 + 4 + 8 + ... = −1 என்று சொல்ல மாட்டோம். சூத்திரம் தொடரின் எல்லையைத் தாண்டி வாழ்கிறது, அவ்வளவுதான்.

ஜீட்டாவும் அப்படியே. 1 + 1/2^s + 1/3^s + ... என்ற தொடர், s இன் மெய்ப்பகுதி 1ஐ விடப் பெரிதாக இருக்கும்போது மட்டும் குவிகிறது. அந்தச் சார்பைக் கலப்பெண் தளத்தின் மற்றப் பகுதிகளுக்கும் நீட்டலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் நீட்ட முடியும் என்பதை ரீமான் 1859இல் பயன்படுத்தினார். இதற்குப் பகுமுறை நீட்சி என்று பெயர். நீட்டிய சார்பு s = −1இல் −1/12 என்ற மதிப்பைப் பெறுகிறது. தொடரில் s = −1 என்று போட்டால் 1 + 2 + 3 + ... என்று *தோன்றுகிறது*, ஆனால் அந்த இடத்தில் சார்பைத் தருவது தொடர் அல்ல. தணித்துக் கிடைத்த மாறிலியும் நீட்சியில் கிடைத்த மதிப்பும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை; இரண்டையும் இணைக்கும் தேற்றங்கள் உண்டு.

இயற்பியலில் பரிசோதனை செய்தே நிரூபித்துவிட்டார்கள் என்கிறார்களே?

காசிமிர் விளைவைச் சொல்கிறார்கள். வெற்றிடத்தில் மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக அருகில் வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று ஹென்ட்ரிக் காசிமிர் 1948இல் கணித்தார். 1997இல் லமோரோ அதைத் துல்லியமாக அளந்தார். ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் இழுவை சதுர மீட்டருக்கு 0.0013 நியூட்டன் அளவுதான். முப்பரிமாணக் கணக்கில் உண்மையில் வருவது ζ(−3) = 1/120. ஆனால் ஒரு பரிமாண மாதிரியில் நம் தொடரே வருகிறது. அதில் விரியும் பகுதிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

நீளம் a உள்ள இடைவெளியில் அலைகளின் வெற்றிட ஆற்றல் (πħc/2a)(1 + 2 + 3 + ...). உண்மையான உலோகம் மிக உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்காது. அவை தகட்டை ஊடுருவிப் போய்விடும். ஆகவே தணிப்பு இங்கே நாம் திணிப்பதல்ல, பொருளின் குணம். அது அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பதால் ε = δ/a என்று எழுத வேண்டும்; δ என்பது a ஐச் சாராத, உலோகத்தைப் பொறுத்த ஒரு சிறு நீளம். அப்போது ஆற்றல்:

```
E = (πħc/2) × ( a/δ² − 1/(12a) )
```

முதல் பகுதி a க்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தகட்டின் மறுபக்கமும் வெற்றிடம் உண்டு. முழு நீளம் L, a ஐ விட மிகமிகப் பெரியது என்றால், மறுபக்கத்தில் (L − a)/δ². இரண்டையும் கூட்டினால் L/δ². அதில் a இல்லை. தகட்டை எங்கே நகர்த்தினாலும் மாறாத ஆற்றலால் விசை உண்டாகாது. எஞ்சி நின்று இழுப்பது −πħc/(24a) மட்டும்.

அதாவது இயற்பியலில் அந்தப் பெரிய பகுதி மாயமாக மறைவதில்லை. அது எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பரிசோதனை அளப்பது இரண்டு பெரிய ஆற்றல்களின் வேறுபாட்டை; நேர் எண்களின் கூட்டுத்தொகை எதிர் எண் என்று அது காட்டவில்லை.

அப்படியானால் 1 + 1/2 + 1/3 + ... தொடருக்கும் இப்படி ஒரு மாறிலி உண்டா?

இங்கேதான் முறையின் எல்லை தெரிகிறது. e^(−εn) கொண்டு தணித்தால் ln(1/ε) + ε/2 ... என்று வருகிறது, மாறிலி 0. அதே தொடரை N இல் சட்டென்று வெட்டினால் ln N + 0.5772... வருகிறது. வழவழப்பான தணிப்புகளுக்குள்ளும் ஒற்றுமை இல்லை: ε இருக்கும் இடத்தில் 2ε என்று எழுதினாலே ln 2 கழிந்து, மாறிலி −0.693 ஆகிவிடும். இயல் எண்களின் தொடரில் அப்படி எழுதியிருந்தால் 1/ε² என்பது 1/(4ε²) ஆகியிருக்கும், −1/12 அசைந்திருக்காது. மடக்கை வரும் இடத்தில் விரியும் பகுதிக்கும் மாறிலிக்கும் இடையே கோடு கிழிக்கும் உரிமை நம்மிடமே வந்துவிடுகிறது. ஜீட்டா சார்புக்கும் s = 1 என்ற அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் மதிப்பு கிடையாது.